மணிக்கொரு சுற்றுப் போயும் 92 நிமிட இடைவெளி எப்படி வருகிறது?

"மட்டக்குளியில் ஒரு களஞ்சிய வளாகத்தில் இரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மதிலோரமும் கட்டடங்களைச் சுற்றியும், காவலர் கருவியால் தொட்டுப் பதிவு செய்யும் 14 புள்ளிகள். எந்தப் புள்ளியையும் 60 நிமிடத்துக்கு மேல் பார்க்காமல் விடக்கூடாது என்பது நிபந்தனை. வாயிலில் ஒருவர், சுற்றுக்கு இருவர். மாலை 6 முதல் காலை 6 வரை மணிக்கு மணி சுற்றுப் போகிறார்கள், ஒன்றும் தவறுவதில்லை. ஒரே வழியில் போனால் திருடன் கணக்குப் போட்டுவிடுவான் என்று நிறுவனத்தார் சொன்னதால் ஒரு சுற்று இடமிருந்து, அடுத்தது வலமிருந்து என்று மாற்றி மாற்றி அனுப்புகிறேன். ஆனால் முதல் புள்ளியிலும் கடைசிப் புள்ளியிலும் 90 நிமிடத்துக்கு மேல் இடைவெளி என்று அறிக்கை காட்டுகிறது. கருவி பழுதா, காவலர்கள் ஏமாற்றுகிறார்களா?"

கருவியும் சரி, காவலர்களும் சரி. பிழை உங்கள் அட்டவணையில் இருக்கிறது. நானும் பல மாதங்கள் இதே பிழையைச் செய்துகொண்டிருந்தவன்தான். அப்போது நான் பொறுப்பாக இருந்த ஓர் இடத்தில் மாத அறிக்கை எப்போதும் "12க்கு 12" என்று வரும். பின் மதிலோரம் வைத்திருந்த செப்புக் கம்பிச் சுருள்கள் ஓர் இரவு காணாமல் போன பிறகுதான், சுற்றுகளை எண்ணுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு புள்ளியின் நேரத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தேன். அந்த மூலையில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, ஒன்றரை மணிநேரத்துக்கு ஆள் நடமாட்டமே இருந்திருக்கவில்லை.

உங்கள் வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 14 புள்ளிகள், சுற்றுவழி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் என்று வைக்கிறேன். டோர்ச் அடித்து, பூட்டை இழுத்துப் பார்த்து நடக்கும் காவலர் நிமிடத்துக்கு 60 மீட்டர்தான் போவார். அதற்கு 25 நிமிடம். புள்ளிக்கு முக்கால் நிமிடம் நின்றாலும் இன்னும் பத்தரை நிமிடம். ஆகச் சுற்றுக்கு 36 நிமிடம். புறப்பட்டு 2 நிமிடத்தில் 1ஆம் புள்ளி, 34ஆவது நிமிடத்தில் 14ஆம் புள்ளி.

8.00 மணிக்கு ஒருவர் இடமிருந்து புறப்படுகிறார். 1ஆம் புள்ளியை 8.02க்குத் தொடுகிறார். 9.00 மணிக்கு மற்றவர் வலமிருந்து புறப்படுகிறார். அவருக்கு 1ஆம் புள்ளிதான் கடைசி, அங்கே 9.34க்கு வருகிறார். இடைவெளி 92 நிமிடம். 10.00 மணிச் சுற்று மறுபடி இடமிருந்து, 1ஆம் புள்ளி 10.02க்கு. இந்த முறை இடைவெளி வெறும் 28 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சரியாக 60 வரும். அதனால்தான் சராசரியைப் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. 14ஆம் புள்ளியிலும் இதே கதை, ஆனால் ஒரு மணிநேரம் தள்ளி. வழியின் நடுவில் இருக்கும் 7ஆம், 8ஆம் புள்ளிகளை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஏறத்தாழ அதே நிமிடத்தில் தொடுவதால் அங்கே 60 என்றே காட்டும். திசையைத் திருப்பினால் ஓரத்துப் புள்ளிகளின் இடைவெளியில் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றின் நேரம் ஏறிவிடுகிறது.

அப்படியானால் திசை மாற்றாமல் மணிக்கு மணி ஒரே பக்கமாகப் போனால் போதுமா? அதுவும் போதாது. 60 நிமிட எல்லைக்கு 60 நிமிடத்துக்கு ஒரு தடவை புறப்படுவது, நுனிக் கிளையில் உட்கார்ந்திருப்பது போன்றது. எல்லாச் சுற்றும் ஒரே வேகத்தில் போகாது. இளையவர் ஒருவர் மழை இல்லாத இரவில் 14ஆம் புள்ளியை 30 நிமிடத்தில் தொட்டுவிடுவார். வயதானவர், அதிகாலை 3 மணிக்கு, குடையும் டோர்ச்சும் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போனால் 41 நிமிடம் ஆகும். முன்னவர் வேகமாகப் போன சுற்றுக்குப் பின் இவர் மெதுவாகப் போனால் கடைசிப் புள்ளியின் இடைவெளி 60 அல்ல, 71. முதல் புள்ளியில் இந்த வித்தியாசம் தெரியாது, வழி நீள நீளத்தான் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். வளாகத்தைப் பகல் 4 மணிக்கு முகாமையாளரோடு நடந்து அளக்காதீர்கள், அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. உங்களிடம் இருக்கிறவர்களில் மிக மெதுவாக நடப்பவரோடு, அதிகாலையில், மழை பெய்யும் இரவில் ஒரு தடவை போங்கள். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் அதற்குப் பஞ்சமிருக்காது. மிக வேகமாக நடப்பவரோடு உலர்ந்த இரவில் இன்னொரு தடவை போங்கள். இரண்டு நடையிலும் கடைசிப் புள்ளியைத் தொட்ட நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவிலிருந்து வேகத்தைக் கழித்தால் என் எடுத்துக்காட்டில் 11 வருகிறது. 60இலிருந்து 11ஐக் கழித்தால் 49. அதாவது ஒரு சுற்றுப் புறப்பட்டு 49 நிமிடத்துக்குள் அடுத்தது புறப்பட்டாக வேண்டும். ஒரு நிமிடம் கையிருப்பு வைத்து 48 என்று எடுத்துக்கொள்வேன். அப்படிச் செய்தால், வேகமான சுற்றுக்குப் பின் மிக மெதுவான சுற்றுப் போனாலும் 14ஆம் புள்ளி 59 நிமிடத்தில் தொடப்பட்டுவிடும்.

இனி நிறுவனத்தாரின் கவலை. அது நியாயமானதுதான். மணியடித்தாற்போல 48 நிமிடத்துக்கு ஒரு தடவை போனால், மதிலுக்கு வெளியே இரண்டு இரவு நின்று பார்த்தவனுக்கு மூன்றாம் இரவில் மணிக்கூடு தேவைப்படாது. ஆனால் புறப்படும் நேரத்தை முன்பக்கமாக மட்டுமே கலைக்க முடியும், பின்பக்கமாகத் தள்ள இடமில்லை. நான் செய்தது சின்ன வேலை. ஒரு பிஸ்கட் தகரத்தில் 38 முதல் 48 வரை எழுதிய 11 துண்டுச்சீட்டுகள். ஒவ்வொரு சுற்றும் புறப்பட்டதும் ஒரு சீட்டை எடுப்பேன். அதில் உள்ள நிமிடத்தில் அடுத்த சுற்று. எடுத்த சீட்டு மறுபடி தகரத்துக்குள் போய்விடும். போகப்போகிறவருக்கே ஐந்து நிமிடத்துக்கு முன்தான் சொல்வேன். உள்ளாள் துணையோடு நடக்கும் திருட்டுகளுக்கும் இது ஓரளவு தடை. சராசரி 43 நிமிடம் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 17 சுற்றுகள் வரும், ஆளுக்கு எட்டோ ஒன்பதோ. நடை மட்டும் ஆளுக்கு ஐந்து மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதல், நடுநடுவே சராசரியாக 50 நிமிட ஓய்வு. கடினம்தான், ஆனால் மனிதர் செய்யக்கூடியது.

திசை மாற்றுவதை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. அதற்குரிய விலையைக் கொடுத்துவிட்டு மாற்றலாம். திருப்பும்போது 1ஆம் புள்ளியின் இடைவெளியில் மெதுவான நடைக்கு 39 நிமிடம் (41இலிருந்து 2 போக) ஏறுகிறது அல்லவா? அப்படியானால் திருப்பும் சுற்றுக்கு மட்டும், முந்திய சுற்றுப் புறப்பட்டு 20 நிமிடத்திலேயே மற்றவர் எதிர்ப்பக்கமிருந்து புறப்படட்டும். 20ஐயும் 39ஐயும் கூட்டினால் 59, எல்லைக்குள் நிற்கிறது. முதலாமவர் இன்னும் நடந்துகொண்டிருப்பார், புறப்பட்டு 28ஆவது நிமிடம் வாக்கில் இருவரும் வழியில் சந்திப்பார்கள். 14ஆம் புள்ளியை இரண்டாமவர் 22ஆவது நிமிடத்தில் தொட, முதலாமவர் 34இல் மறுபடி தொடுவார். காவலர் இப்போதுதான் போனார், இனி முக்கால் மணிநேரம் வரமாட்டார் என்று மதிலில் கை வைத்தவனுக்கு, பன்னிரண்டு நிமிடத்தில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு டோர்ச் வெளிச்சம் வரும். இரவு முழுக்கத் திசை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, எதிர்பாராத நேரத்தில் இப்படி மூன்று தடவை செய்வதைத்தான் நான் நம்புவேன்.

இதற்காக அதே தகரத்தில் "மறுபக்கம்" என்று எழுதிய மூன்று சீட்டுகளைச் சேர்த்தேன். அது வந்தால் 20 நிமிடத்தில் எதிர்த்திசைச் சுற்று, அதன் பிறகு அடுத்த "மறுபக்கம்" வரும்வரை அந்தத் திசையிலேயே தொடர வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை வந்தால் இரண்டாவதை ஏற்காமல் வேறு சீட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலாமவர் உட்கார்ந்து நான்கு நிமிடத்தில் மறுபடி எழுந்து நடக்க வேண்டி வரும். முதல் இரவே அவர் உங்களைத் திட்டுவார், இரண்டாம் இரவு நடக்காமலே பதிவு போட வழி தேடுவார்.

அட்டவணையை இன்னும் அதிகமாகக் குலைப்பது இடையில் வரும் வேலைகள். இரவு 1.50க்கு ஒரு லொறி வருகிறது, வாயிலில் இருப்பவருக்கு ஆள் துணை வேண்டும், 9ஆம் புள்ளியில் நிற்பவரை வோக்கி டோக்கியில் கூப்பிடுகிறார்கள். அவர் கால் மணிநேரம் கழித்துத் திரும்புகிறார். திரும்பியவர் என்ன செய்வார்? பத்தில் எட்டுப் பேர் 1ஆம் புள்ளியிலிருந்து புதிதாகத் தொடங்குவார்கள். பாதியில் நின்ற சுற்றை முழுதாகக் காட்டவேண்டும் என்ற எண்ணம். ஆனால் 1ஆம் புள்ளி சற்று முன்தான் பார்க்கப்பட்டது, காத்துக் கிடப்பவை 10 முதல் 14 வரை. அவை ஏற்கனவே கால் மணிநேரம் பிந்திவிட்டன. 48 நிமிட இடைவெளியில் அந்த 15ஐச் சேர்த்தாலே 63 வந்துவிடுகிறது, நடைவேக வித்தியாசத்தைக் கூட்டாமலே. ஆகவே என் விதி இது: சுற்றில் இருப்பவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரேனும் கூப்பிட்டால், ஓய்வில் இருப்பவர் உடனே எழுந்து நேரே விட்ட புள்ளிக்குப் போய் மிச்சத்தை முடிக்க வேண்டும். அடுத்த சுற்று, பழைய சுற்றுப் புறப்பட்ட நேரத்திலிருந்து எண்ணிப் புறப்படும். கூப்பிடப்பட்டவர் வேலை முடிந்ததும் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அந்தச் சுற்றை எடுத்துக்கொள்வார். இதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, காவலறையில் பதிவுக் கருவியான ரீடரை வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவையுங்கள். வாயால் சொன்னது ஆள் மாறும்போது போய்விடும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட "கருவியா, ஆளா" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. சுற்றுவாரியான அறிக்கையை மூடிவையுங்கள். எல்லாப் பதிவுகளையும் விரிதாளுக்கு எடுத்து, A நிரலில் புள்ளி எண், B நிரலில் திகதியும் நேரமும் சேர்த்து வைத்து, முதலில் புள்ளிவாரியாகவும் பிறகு நேரவாரியாகவும் வரிசைப்படுத்துங்கள். முதல் வரி தலைப்பு என்றால் C3 கட்டத்தில் இதை இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(A3=A2,(B3-B2)*1440,"")
```

இடைவெளி நிமிடங்களில் வரும். தேதி வடிவில் வந்தால் அந்த நிரலை எண் வடிவுக்கு மாற்றுங்கள். B நிரலில் திகதி இல்லாமல் நேரம் மட்டும் இருந்தால், வரிசைப்படுத்தும்போது நள்ளிரவுக்குப் பிந்திய பதிவுகள் மாலைப் பதிவுகளுக்கு முன்னே போய்விடும், அபத்தமான எண்கள் வரும். சில மென்பொருள்கள் நாள்வாரியாக அறிக்கை தரும்போது நள்ளிரவில் வெட்டிவிடும். 11.20க்கும் 12.50க்கும் இடையிலான 90 நிமிடம் இரண்டு நாள்களுக்குப் பிரிந்து, எந்த அறிக்கையிலும் தென்படாமல் போகும். இணையம் வழியாக இயங்கும் சிலவற்றில் நேர வலயத்தை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வெட்டு நம் நேரப்படி காலை 5.30க்கு விழும். காவலர்கள் களைத்துப் போயிருக்கும் வேளைப் பதிவுகளை அது இரண்டாகப் பிளந்துவிடும்.

எண்கள் வந்த பின் அவற்றின் சாயலைப் பாருங்கள். ஓரத்துப் புள்ளிகளில் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாறி மாறி வந்து, நடுப் புள்ளிகளில் சமமாக இருந்தால், அது திசை மாற்றத்தின் விளைவு. உங்கள் அறிக்கை சொல்வது இதுதான். எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவில் நீளம், குட்டை, நீளம், குட்டை என்று வந்தால், இரண்டு காவலரும் தனித்தனி ரீடர் வைத்திருக்கிறார்கள், அவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஒன்று 4 நிமிடம் முந்தியும் மற்றது 3 நிமிடம் பிந்தியும் இருந்தால், ஒழுங்காக நடந்த 55 நிமிட இடைவெளியே ஒரு தடவை 62 என்றும் அடுத்த தடவை 48 என்றும் பதியும். புள்ளிகளில் பதித்திருக்கும் பொத்தான்களில் ஏதாவது ஒன்றை இரண்டு ரீடர்களாலும் அடுத்தடுத்துத் தொட்டுப் பதிவைப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இதை நான் ஒவ்வொரு கடமை மாற்றத்திலும் செய்யவைத்தேன், கையொப்பமிடுவதற்கு முன்பு. இடைவெளி வழியின் கடைசியை நோக்கிக் கூடிக்கொண்டே போனால் அது நடைவேக வித்தியாசம், அல்லது உங்கள் 11 நிமிடக் கணக்கு உண்மையில் 16. ஒரே ஒரு புள்ளி மட்டும் இரண்டு மடங்கு காட்டினால், பொத்தான் பழுதாக இருக்கலாம், அந்த இடத்தில் விளக்கு எரியாமல் இருக்கலாம், நாய் கட்டியிருக்கலாம். போய் நின்று பாருங்கள்.

ஏமாற்றுக்கு வேறு சாயல். அங்கே இடைவெளிகள் எல்லாம் அழகாக இருக்கும், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையிலான நடைநேரம்தான் காட்டிக்கொடுக்கும். ஓரிடத்தில் ஒரு காவலர் நான்கு பொத்தான்களைத் திருகிக் கழற்றித் தன் மேசை லாச்சியில் வைத்திருந்தார். மூன்று நிமிட நடைத்தூரத்தில் இருந்த புள்ளிகள் ஆறு ஆறு வினாடியில் பதிந்திருந்தன. ஒட்டிய கியூஆர் குறியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்து, இருந்த இடத்திலேயே காட்டுவதும் இதே வகைதான். வழியைக் குறிப்பவர் மிக விரைவாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்பதையும் குறித்து வைத்திருந்தால், அதைவிடக் குறைவான எந்த நடையையும் அறிக்கையில் உடனே பிடிக்கலாம். ஆனால் பிடிப்பதற்கு முன், அவரை அப்படிச் செய்ய வைத்தது உங்கள் அட்டவணையா என்றும் பாருங்கள். ஒருவர் விடுப்பில் போன இரவில், இருவருக்குப் போட்ட 48 நிமிடக் கணக்கை ஒருவர் தலையில் கட்டினால் 36 நிமிட நடைக்குப் பின் அவருக்குக் கிடைப்பது 12 நிமிடம். மழையென்றால் ஐந்து. அப்படி 15 சுற்று, 22 கிலோமீட்டருக்கு மேல். அதை யாரும் உண்மையாக நடந்து முடிக்கமாட்டார்கள்.

ஆள் குறையும் இரவுக்கு என்று நிறுவனத்தாரோடு முன்கூட்டியே எழுத்தில் பேசி வையுங்கள். 90 நிமிட எல்லை என்றால் அதே 11ஐக் கழித்து 79 நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஒருவரால் முடியும். முக்கியமான ஆறு புள்ளிகளுக்கு மட்டும் 60, மற்றவற்றுக்கு 120 என்று பிரிக்கவும் சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் குறுஞ்சுற்றில் 13ஆவது நிமிடத்தில் தொடும் புள்ளியை முழுச்சுற்றில் 29ஆவது நிமிடத்தில் தொடுவீர்களானால், அந்த 16 நிமிடம் இடைவெளியில் ஏறும். உங்கள் 92 நிமிடத்தை உண்டாக்கிய அதே பொறி இங்கேயும் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் "60 நிமிடத்துக்கு ஒரு சுற்று" என்று இருந்தால், "எந்தப் புள்ளியிலும் அடுத்தடுத்த இரு பதிவுகளுக்கு இடையே 60 நிமிடத்துக்கு மிகாமல்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாலை 6 மணியும் காலை 6 மணியும் பதிவாகக் கணக்கிடப்படும் என்பதையும் சேருங்கள். அதைச் சேர்த்தால்தான் கடைசிச் சுற்றை 5.00 மணிக்குப் பின் புறப்பட வைக்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். 4.30க்கே கடைசிச் சுற்றை முடித்துவிட்டுச் சீருடை மாற்றத் தொடங்குவது எல்லா இடத்திலும் உள்ள பழக்கம். சீட்டு என்ன சொன்னாலும் 5.00க்கும் 5.15க்கும் இடையில் ஒரு சுற்றுப் புறப்பட்டே ஆக வேண்டும் என்பதை மட்டும் தகரத்துக்கு வெளியே வைத்திருந்தேன்.